அசூல் ஆட்டத்தில் தரை இழப்பைத் தவிர்ப்பதும் எதிராளியைத் தடுப்பதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அசூல் விளையாட்டின் விதிகளை இருபது நிமிடங்களில் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் விதிகளைக் கற்றவர், சில ஆட்டங்கள் ஆடியவரோடு உட்கார்ந்தால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யாருக்கும் வேண்டாத ஐந்தாறு ஓடுகள் தம் கைக்கே எப்படி வந்து சேர்கின்றன என்று புரியாமல் தவிப்பார். நானும் அப்படித்தான் நெடுநாள் தவித்தேன். விதிப்புத்தகம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிறதே தவிர, சுற்றின் இறுதியில் எதை எண்ண வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த எண்ணும் முறையை வரிசைப்படுத்தித் தருவதற்காகவே இதை எழுதுகிறேன்.

மைக்கேல் கீஸ்லிங் வடிவமைத்து 2017இல் வெளியான மூல ஆட்டத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அசூல் என்ற பெயரில் பின்னர் வந்த வேறு பெட்டிகளுக்கு விதிகள் வேறு. அவற்றுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தமாட்டா. பெரும்பாலும் இருவர் ஆட்டத்தை வைத்தே பேசுகிறேன், ஏனெனில் அதில்தான் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க முடிகிறது.

1. ஆடும் முன் மனத்தில் இருக்க வேண்டிய எண்கள்

பையில் மொத்தம் 100 ஓடுகள் உள்ளன. நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என ஐந்து நிறங்கள், நிறத்துக்கு 20. இருவர் ஆடினால் 5 வட்டத் தட்டுகளையும், மூவருக்கு 7 தட்டுகளையும், நால்வருக்கு 9 தட்டுகளையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் பையிலிருந்து 4 ஓடுகளை எடுத்துப் போட வேண்டும். ஆகவே இருவர் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 20 ஓடுகள் வரும்.

உங்கள் பலகையின் இடப்பக்கத்தில் படிக்கட்டுபோல் 1, 2, 3, 4, 5 கட்டங்கள் கொண்ட ஐந்து வடிவ வரிசைகள் இருக்கின்றன. அவற்றின் வலப்பக்கத்தில் ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் கொண்ட சுவர் இருக்கிறது. கீழே ஏழு கட்டங்கள் கொண்ட தரை வரிசை இருக்கிறது. வடிவ வரிசையில் இடம் கிடைக்காத ஓடுகள் இங்கே விழும். தரையின் விலைப்பட்டியலை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கட்டங்களுக்குத் தலா 1 புள்ளியும், அடுத்த மூன்றுக்குத் தலா 2 புள்ளிகளும், கடைசி இரண்டுக்குத் தலா 3 புள்ளிகளும் கழியும். கூட்டிப் பார்த்தால் இப்படி வரும்:

1 ஓடு: 1 புள்ளி
2 ஓடுகள்: 2
3 ஓடுகள்: 4
4 ஓடுகள்: 6
5 ஓடுகள்: 8
6 ஓடுகள்: 11
7 ஓடுகள்: 14

ஏழுக்கு மேல் விழுபவற்றுக்குக் கூடுதல் இழப்பு இல்லை. அவை நேரே பெட்டி மூடிக்குப் போய்விடும். இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு ஓடுகள் மலிவு என்பதும் அதன்பின் விலை ஏறுகிறது என்பதும்தான். தரையில் ஓர் ஓடுகூட விழக் கூடாது என்று ஆடுபவர், ஒரு புள்ளியைக் காப்பதற்காக எட்டுப் புள்ளிகளை இழக்கும் நிலைக்குப் போய்ச் சேர்வார்.

2. ஒரு முறை ஆடும்போது நடப்பது

உங்கள் முறை வரும்போது ஒரு தட்டிலிருந்து ஒரு நிறத்து ஓடுகள் அனைத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தட்டில் மிஞ்சும் ஓடுகள் மேசையின் நடுவுக்குத் தள்ளப்படும். அல்லது நடுவில் கிடக்கும் ஒரு நிறத்து ஓடுகள் அனைத்தையும் எடுக்கலாம். எடுத்தவற்றை ஒரே ஒரு வடிவ வரிசையில்தான் வைக்க வேண்டும். அதில் ஏற்கெனவே ஓடுகள் இருந்தால் அதே நிறமாக இருக்க வேண்டும். அதே நேர்க்கோட்டில் சுவரில் அந்த நிறம் முன்பே பதிந்திருக்கக் கூடாது. இடம் போதாத ஓடுகள் தரைக்குப் போகும்.

எல்லா ஓடுகளும் தீர்ந்ததும், நிரம்பிய ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஓர் ஓடு சுவருக்குச் செல்லும், மற்றவை மூடிக்குப் போகும். நிரம்பாத வரிசைகள் அடுத்த சுற்றுக்கு அப்படியே நிற்கும்.

புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது, விரும்பினால் எடுத்த ஓடுகளை நேரடியாகத் தரையிலேயே வைக்கலாம் என்ற விதியை. எதிராளியைத் தடுக்கும்போதும், ஒரு வரிசையை வேறு நிறத்துக்காகக் காலியாக வைத்திருக்க நினைக்கும்போதும் இது தேவைப்படும்.

3. வரிசைகளை எந்தக் கணக்கில் நிரப்புவது

ஐந்து வரிசைகளையும் நிரப்ப 15 ஓடுகள் வேண்டும். இருவர் ஆட்டத்தில் சுற்றுக்குச் சராசரியாக ஆளுக்குப் பத்து ஓடுகள்தான் கிடைக்கும். எனவே ஒரே சுற்றில் ஐந்தையும் முடிக்கத் திட்டமிடுவது வீண். மேலே உள்ள இரண்டு அல்லது மூன்று வரிசைகளை அந்தந்தச் சுற்றிலேயே முடிப்பது, நான்காவது, ஐந்தாவது வரிசைகளை இரண்டு சுற்றுகளில் முடிப்பது என்று வைத்துக்கொண்டால் ஓடுகளின் எண்ணிக்கையோடு திட்டம் ஒத்துப்போகும்.

எடுக்கும்போது முதல் கேள்வி, குவியலின் அளவும் வரிசையில் மிஞ்சியிருக்கும் கட்டங்களும் பொருந்துகின்றனவா என்பதே. இரண்டு சிவப்பு கிடைத்தால் அதை இரண்டாம் வரிசையில் வைத்து முடிப்பது, ஐந்தாம் வரிசையில் வைத்து மூன்று கட்டங்களைத் திறந்து விடுவதைவிட அந்தச் சுற்றுக்கு அதிகம் தரும். ஆனால் இதையே எல்லா நேரத்திலும் செய்தால் ஒரு சிக்கல் வரும். சுற்றின் பாதியிலேயே சிறிய வரிசைகள் எல்லாம் நிரம்பிவிட, பெரிய வரிசைகள் குறிப்பிட்ட நிறங்களுக்குப் பூட்டப்பட்டுவிட, அதன்பின் வரும் எந்த நிறத்துக்கும் உங்களிடம் இடமே இருக்காது. அப்போது நீங்கள் தேர்ந்தெடுப்பவராக இல்லாமல், மிஞ்சுவதை வாங்கிக்கொள்பவராக ஆகிவிடுவீர்கள்.

இதற்கு நான் பின்பற்றும் முறை, சுற்றின் கடைசிப் பகுதி வரை ஒரு வரிசையையாவது முழுக்கக் காலியாக வைத்திருப்பது. ஐந்தாம் வரிசை காலியாக இருந்தால் மிகவும் நல்லது. நடுவில் யாருக்கும் வேண்டாமல் வெள்ளை ஓடுகள் நான்கு, ஐந்து என்று சேர்ந்துகொண்டே போகும்போது, எதிராளிக்கு அது அபாயம். உங்களுக்கோ அது ஒரே முறையில் ஐந்தாம் வரிசையை நிரப்பும் வாய்ப்பு. முதல் இரண்டு முறைகளிலேயே இரண்டு ஓடுகளை ஐந்தாம் வரிசையில் வைத்து அதை ஒரு நிறத்துக்குப் பூட்டிவிடுபவர் இந்த வாய்ப்பை இழக்கிறார்.

ஆட்டம் முன்னேற முன்னேற முதல் வரிசையும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அதன் நேரே சுவரில் மூன்று நிறங்கள் பதிந்துவிட்டால், அந்த ஒற்றைக் கட்டம் மற்ற இரண்டு நிறங்களை மட்டுமே ஏற்கும். நான்காம் சுற்றில் மிஞ்சிய ஒற்றை ஓட்டை முதல் வரிசையில் வைத்துவிடலாம் என்று நம்பி இருப்பவர், அந்த நிறம் ஏற்கெனவே பதிந்திருப்பதைக் கடைசி நேரத்தில்தான் பார்ப்பார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எந்த வரிசை எந்த நிறங்களை ஏற்கும் என்று மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஓர் ஓட்டின் மதிப்பை அறிவது

சுவரில் பதியும் ஓட்டைச் சுற்றி எதுவும் இல்லையென்றால் அதற்கு 1 புள்ளி. கிடைமட்டத்தில் தொட்டுத் தொடரும் ஓடுகள் இருந்தால் புதிய ஓட்டையும் சேர்த்து அந்தத் தொடரின் நீளமும், செங்குத்தாகத் தொடர் இருந்தால் அதன் நீளமும் கூட்டப்படும். பக்கத்தில் ஒன்றும் மேலே ஒன்றும் இருந்தால் 2 + 2, அதாவது 4 புள்ளிகள். சுவரில் பதிப்பது மேல் வரிசையிலிருந்து தொடங்குவதால், அதே சுற்றில் மேலே பதியும் ஓடு கீழே பதியும் ஓட்டின் மதிப்பைக் கூட்டும்.

இந்த மதிப்பு தெரியாமல் தரை இழப்பைப் பற்றி முடிவெடுக்க முடியாது. 4 புள்ளி தரும் வரிசையை முடிப்பதற்காக இரண்டு ஓடுகளைத் தரையில் விடுவது இலாபம். தனியாகக் கிடக்கப்போகும் ஓர் ஓட்டுக்காக அதே இரண்டை விடுவது, வேறு காரணம் இல்லாவிட்டால் நட்டம். உங்கள் சுவரை மட்டும் பார்த்தால் போதாது. எதிராளியின் ஒவ்வொரு திறந்த வரிசையும் நிரம்பினால் அவருக்கு எத்தனை புள்ளி என்பதையும் அவ்வப்போது பாருங்கள்.

5. தொடக்க ஓட்டை எப்போது எடுப்பது

ஒரு சுற்றில் முதன்முதலாக நடுவிலிருந்து எடுப்பவர், அங்கே கிடக்கும் தொடக்க ஓட்டையும் எடுத்துத் தம் தரை வரிசையில் இடப்பக்கம் காலியாக உள்ள முதல் கட்டத்தில் வைக்க வேண்டும். அடுத்த சுற்றை அவரே தொடங்குவார். தரை காலியாக இருக்கும்போது இதன் நேரடி விலை 1 புள்ளிதான். ஆனால் அது ஒரு கட்டத்தை அடைத்துக்கொள்வதால், பின்னர் விழும் ஓடுகள் ஒரு கட்டம் தள்ளி, விலை அதிகமான இடத்தில் போய் விழும்.

இருவர் ஆட்டத்தில் இதற்கு நான் கொடுக்கும் மதிப்பு, அடுத்த சுற்றில் எனக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்தது. ஒரே நிறத்தில் மூன்று ஓடுகள் கிடைத்தால் மட்டுமே முடியக்கூடிய வரிசை எனக்கோ எதிராளிக்கோ இருந்தால், தட்டுகள் நிரம்பியதும் முதலில் கை வைப்பவருக்கே அது போகும். அந்த நிலையில் 1 புள்ளி மலிவான விலை. நடுவில் உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு ஓடுகள் இருக்கும்போது தொடக்க ஓட்டோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். தரையில் ஏற்கெனவே இரண்டு ஓடுகள் விழுந்த பிறகு எடுத்தால் அதற்கே 2 புள்ளி கழியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

6. சுற்றின் முடிவை எண்ணுவது

தட்டுகள் அனைத்தும் காலியான பிறகு நடுவில் எத்தனை நிறங்கள் கிடக்கின்றனவோ அத்தனை முறைகள்தான் மீதம். ஒருவர் எடுத்தால் ஒரு நிறம் முழுவதும் போய்விடும் என்பதே காரணம். நடுவில் மூன்று நிறங்கள் இருந்து உங்கள் முறை என்றால் நீங்கள், எதிராளி, நீங்கள் என்று முடியும். கடைசிக் குவியல் உங்களுடையது. நான்கு நிறங்கள் என்றால் கடைசிக் குவியல் எதிராளியுடையது. கடைசிக் குவியலை எடுப்பவருக்குத் தேர்வே இல்லை.

தட்டுகள் மிஞ்சியிருக்கும்போது இந்த எண்ணிக்கையை மாற்ற முடியும். மூன்று வகைகளைப் பிரித்துப் பாருங்கள். நான்கும் ஒரே நிறமாக உள்ள தட்டை எடுத்தால் நடுவில் எதுவும் மாறாது. ஒரு முறை மட்டும் கழியும். நடுவில் ஏற்கெனவே உள்ள நிறங்களையே மிச்சமாகத் தள்ளும் தட்டை எடுத்தால் நிறங்களின் எண்ணிக்கை மாறாது, ஆனால் குவியல் பெரிதாகும். நடுவில் இல்லாத நிறத்தைத் தள்ளினால் ஒரு முறை கூடுகிறது. கடைசியாக எடுப்பவர் மாறிவிடுகிறார். ஒரே தட்டில் சிவப்பை எடுப்பதா வெள்ளையை எடுப்பதா என்ற தேர்வு, கடைசிக் குவியல் யாருக்கு என்பதையே தீர்மானிக்கலாம்.

எண்ணத் தொடங்குவதற்குச் சரியான நேரம், இரண்டு தட்டுகள் மிஞ்சும்போது. அதற்கு முன் எண்ணினால் கிளைகள் மிகுந்து மனம் களைத்துவிடும். ஒரே தட்டு மிஞ்சிய பிறகு எண்ணத் தொடங்கினால், பல நேரங்களில் நல்ல வழி ஏற்கெனவே மூடியிருக்கும்.

7. ஒரு நிலையை முழுவதும் பார்ப்போம்

மூன்றாம் சுற்றின் இறுதி, உங்கள் முறை. நடுவில் 3 வெள்ளை, 2 கறுப்பு. ஒரே ஒரு தட்டு மிஞ்சியிருக்கிறது. அதில் 2 சிவப்பு, 2 வெள்ளை.

உங்கள் பலகையில் 1, 2, 4ஆம் வரிசைகள் நிரம்பிவிட்டன. மூன்றாம் வரிசையில் ஒரு சிவப்பு இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். அது முடிந்தால் 3 புள்ளி. ஐந்தாம் வரிசையில் மூன்று கறுப்பு இருக்கின்றன, இன்னும் இரண்டு வேண்டும். அது தனித்து நிற்கப்போவதால் 1 புள்ளிதான். வெள்ளைக்கு உங்களிடம் இடமே இல்லை. தரை காலி.

எதிராளிக்கு மேல் மூன்று வரிசைகளும் நிரம்பிவிட்டன. நான்காம் வரிசையில் ஒரு வெள்ளை இருக்கிறது. சரியாக மூன்று வெள்ளை கிடைத்தால் அது முடிந்து 4 புள்ளி வரும். ஐந்தாம் வரிசையில் இரண்டு கறுப்பு இருக்கின்றன. சிவப்புக்கு அவரிடம் இடம் இல்லை. தொடக்க ஓட்டை அவர் எடுத்துவிட்டதால் அவர் தரையின் முதல் கட்டம் அடைந்திருக்கிறது.

கை முதலில் போவது தட்டில் உள்ள 2 சிவப்பை நோக்கித்தான். மூன்றாம் வரிசை முடிகிறது, 3 புள்ளி உறுதி. ஆனால் தட்டில் மிஞ்சிய 2 வெள்ளை நடுவுக்குப் போய் அங்கே 5 வெள்ளை, 2 கறுப்பு என்று ஆகிறது. எதிராளி 2 கறுப்பை எடுத்து ஐந்தாம் வரிசையில் வைப்பார். 5 வெள்ளையும் உங்கள் தரையில் விழும், இழப்பு 8. அவருக்கு இந்தப் பகுதியில் வரவும் இல்லை செலவும் இல்லை. நீங்கள் நிகரமாக 5 புள்ளி பின்தங்குகிறீர்கள்.

சரி, கறுப்பை முதலில் எடுத்து ஐந்தாம் வரிசையை முடித்தால்? சிவப்பு எதிராளிக்குத் தேவையில்லை, அது நமக்காகக் காத்திருக்கும் என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். எதிராளி தமக்கு இடமே இல்லாத அந்த 2 சிவப்பை எடுத்துத் தம் தரையில் போடுவார். அவர் தரையின் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் அடைவதால் அவருக்கு இழப்பு 3. தட்டிலிருந்து 2 வெள்ளை நடுவில் சேர, அங்கே 5 வெள்ளை மட்டுமே இருக்கும்; முறை உங்களுடையது. மீண்டும் 8 இழப்பு. உங்களுக்கு 1 வரவு, 8 செலவு. அவருக்கு 3 செலவு. நீங்கள் 4 புள்ளி பின்தங்குகிறீர்கள்.

தட்டிலிருந்து 2 வெள்ளையை எடுத்துத் தரையில் போட்டு 2 புள்ளி இழப்பது அடுத்த வழி. இப்போது நடுவில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என மூன்று நிறங்கள். எதிராளி, நீங்கள், எதிராளி என்ற வரிசை. அவர் கறுப்பை எடுப்பார், நீங்கள் சிவப்பை எடுத்து 3 புள்ளி பெறுவீர்கள், கடைசி 3 வெள்ளை அவருடைய நான்காம் வரிசையை அப்படியே நிரப்பி அவருக்கு 4 புள்ளி தரும். பெரிய இழப்பிலிருந்து தப்பிவிட்டீர்கள், ஆனாலும் 3 புள்ளி பின்தங்குகிறீர்கள்.

எஞ்சிய வழி, நடுவில் கிடக்கும் 3 வெள்ளையை நீங்களே எடுத்துத் தரையில் போட்டு 4 புள்ளி இழப்பது. பார்ப்பதற்கு மோசமான வழி இதுதான். இப்போது நடுவில் 2 கறுப்பும், தட்டில் 2 சிவப்பு, 2 வெள்ளையும் இருக்கின்றன. எதிராளிக்குச் சிறந்தது கறுப்பை எடுப்பது. நீங்கள் தட்டிலிருந்து சிவப்பை எடுத்து மூன்றாம் வரிசையை முடிப்பீர்கள், 3 புள்ளி. கடைசி 2 வெள்ளை அவருக்குப் போகும். நான்காம் வரிசையில் மூன்று ஆகும், ஆனால் முடியாது. அவர் கறுப்புக்குப் பதில் சிவப்பை எடுத்து உங்களைத் தடுத்தால், 3 புள்ளி இழந்து, நீங்கள் கறுப்பை எடுக்க வழிவிடுவார். அது அவருக்கு இன்னும் மோசம். ஆக நீங்கள் பின்தங்குவது 1 புள்ளி மட்டுமே.

நான்கு வழிகளில் மிகச் சிறந்தது, எந்த வரிசையிலும் ஓர் ஓடுகூட வைக்காத வழி. அதற்குக் காரணங்கள் இரண்டு. யாருக்கும் தீராத தலைவலியாக வளரவிருந்த வெள்ளைக் குவியலை, அது 3 ஆக இருந்தபோதே 4 புள்ளி விலையில் முடித்துவிட்டீர்கள். 5 ஆனபின் அதன் விலை 8. மேலும், எதிராளிக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தவிருந்த குவியலை எடுத்துவிட்டதால் அவருடைய 4 புள்ளி இந்தச் சுற்றில் வரவில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. கடைசி வழியில் எதிராளியின் நான்காம் வரிசை மூன்று வெள்ளையோடும், ஐந்தாம் வரிசை நான்கு கறுப்போடும் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. இரண்டையும் முடிக்க அவருக்கு ஒவ்வோர் ஓடு போதும். எனவே நீங்கள் அவருடைய புள்ளியை அழித்துவிடவில்லை, ஒரு சுற்று தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். நான்காம் வரிசை ஒரு சுற்று தாமதமாவதால் அந்த வரிசையில் அவர் மொத்தமாகப் பதிக்கக்கூடிய ஓடுகள் குறையும் என்பதே உண்மையான இலாபம். ஆட்டம் ஐந்தாறு சுற்றுகளில் முடிந்துவிடுவதால் அந்தத் தாமதத்துக்கு மதிப்பு இருக்கிறது.

8. தடுப்பதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்

தடுப்பது இரண்டு வகைப்படும். எதிராளிக்கு வேண்டியதை நீங்கள் எடுத்துவிடுவது ஒன்று; அவருக்கு வேண்டாததை அவருக்காக மிச்சம் வைப்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பெரும்பாலும் விலையே இல்லை, ஆனால் புதியவர்கள் முதலாவதை மட்டுமே செய்கிறார்கள். உங்களுக்கு ஒரே அளவில் பயன்படும் இரண்டு தட்டுகள் இருந்தால், எந்தத் தட்டின் மிச்சம் எதிராளிக்கு இடம் இல்லாத நிறத்தை நடுவில் பெருக்குகிறது என்று பார்த்து அதை எடுங்கள். ஆனால் அவருடைய ஐந்தாம் வரிசை காலியாக இருந்து, சுவரில் அந்த நிறம் இன்னும் பதியாமலும் இருந்தால், நீங்கள் பெருக்கும் குவியல் அவருக்குப் பரிசாகிவிடும். குவியலைக் கட்டும் முன் அந்த வரிசையை ஒரு முறை பாருங்கள்.

எடுத்துத் தடுக்கும்போது, உங்களுக்கு ஏற்படும் இழப்பையும் விட்டுக்கொடுக்கும் ஓட்டின் மதிப்பையும் கூட்டி, எதிராளி இழக்கும் புள்ளியோடு ஒப்பிடுங்கள். இருவர் ஆட்டத்தில் அவருடைய இழப்பு முழுவதும் உங்கள் வரவுக்குச் சமம். மூவர், நால்வர் ஆட்டத்தில் அப்படி இல்லை. நீங்கள் 2 புள்ளி கொடுத்து ஒருவரின் 4 புள்ளியைத் தடுத்தால், எதுவும் செலவழிக்காத மற்றவர்கள் உங்களைவிட 2 புள்ளி முன்னேறுகிறார்கள். அங்கே, உங்களுக்கும் பயன்படும் ஓடாக இருந்தால் மட்டுமே தடுங்கள். உங்களுக்கு அடுத்து ஆடுபவரை மட்டும் கவனித்தாலே போதும்.

முதல் சுற்றில் தடுப்பதற்காகச் செலவழிக்காதீர்கள். புள்ளிகள் பூச்சியத்துக்குக் கீழே போகா என்பது விதி. முதல் சுற்றில் 4 புள்ளி மட்டும் பெற்றவருக்கு 11 புள்ளி இழப்பை ஏற்படுத்தினாலும் அவர் இழப்பது 4 மட்டுமே.

9. ஆட்டம் முடியும் நேரம்

யாராவது ஒருவர் சுவரில் ஒரு கிடைமட்ட வரிசையை முழுவதும் பதித்துவிட்டால், அந்தச் சுற்றோடு ஆட்டம் முடிகிறது. ஒரு வரிசையில் ஒரு சுற்றுக்கு ஓர் ஓடுதான் பதியும் என்பதால் ஐந்தாம் சுற்றுக்கு முன் முடியாது. நான்காம் சுற்றின் முடிவில் யாருக்காவது ஒரே வரிசையில் நான்கு ஓடுகள் பதிந்திருந்தால், அடுத்தது கடைசிச் சுற்றாக இருக்கலாம் என்று எண்ணியே ஆடுங்கள். ஆட்டம் முடியும்போது பாதி நிரம்பிய வடிவ வரிசைகளுக்கு எந்தப் புள்ளியும் இல்லை. கடைசிச் சுற்றில் முடிக்க முடியாத ஐந்தாம் வரிசையில் இரண்டு ஓடுகளை வைப்பதால் தரை இழப்பு மட்டுமே தவிர்க்கப்படும், வேறு பயன் இல்லை.

இறுதியில் நிறைவான ஒவ்வொரு கிடைமட்ட வரிசைக்கும் 2, செங்குத்து வரிசைக்கு 7, ஒரே நிறத்தின் ஐந்து ஓடுகளையும் பதித்தால் 10 புள்ளிகள் கூடுதலாக உண்டு. ஒரு செங்குத்து வரிசையில் நான்கு ஓடுகள் பதிந்திருக்கும் எதிராளிக்கு ஐந்தாவது ஓடு கிடைப்பதைத் தடுப்பது, அந்த ஓட்டின் 5 புள்ளிகளையும் சேர்த்து 12 புள்ளிகளையாவது தடுப்பதாகும். அதற்காக ஐந்து ஓடுகளைத் தரையில் வாங்கிக்கொள்வதுகூட நட்டமாகாது. தடுப்பதற்கு உண்மையான மதிப்பு வருவது இந்தச் சுற்றில்தான்.

இருவர் ஆட்டத்தில் இதற்கு உதவும் ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றுக்கு 20 ஓடுகள் வீதம் ஐந்து சுற்றுகளில் பையின் 100 ஓடுகளும் சரியாகத் தீரும். அதுவரை மூடியிலிருந்து எதுவும் பைக்குத் திரும்பாது. ஆகவே முதல் நான்கு சுற்றுகளில் ஒரு நிறத்தில் எத்தனை வந்தன என்று தெரிந்தால், ஐந்தாம் சுற்றில் அந்த நிறத்தில் எத்தனை வரும் என்பதும் தெரியும். ஐந்து நிறங்களையும் எண்ண வேண்டியதில்லை. உங்களுக்கோ எதிராளிக்கோ இறுதியில் தேவைப்படும் என்று தோன்றும் ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தட்டுகளில் அதை மட்டும் எண்ணிக் கூட்டி வாருங்கள். நீலத்தில் 18 வந்துவிட்டன என்றால் ஐந்தாம் சுற்றில் 2 நீலம் மட்டுமே வரும். மூன்று நீலம் வேண்டிய வரிசையை நம்பி நீங்கள் காத்திருக்க மாட்டீர்கள், எதிராளி காத்திருந்தால் அவரைத் தடுக்க ஒரு புள்ளிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

மூவர், நால்வர் ஆட்டத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. நால்வர் ஆடும்போது சுற்றுக்கு 36 ஓடுகள் போவதால் மூன்றாம் சுற்றிலேயே பை தீர்ந்து, மூடியில் உள்ளவை மீண்டும் உள்ளே போய்விடும்.

இறுதிப் புள்ளிகள் சமமாக இருந்தால், அதிகக் கிடைமட்ட வரிசைகளை முடித்தவர் வெல்வார். கடைசிச் சுற்றில் இருவரும் ஒன்றிரண்டு புள்ளி இடைவெளியில் இருந்தால், 2 புள்ளிதானே என்று கிடைமட்ட வரிசையை விட்டுவிடாமல், அதை முடிக்கும் ஓட்டை முதல் முறையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.